சிப்ஸை நிறுத்தினால் வாடகை குறையுமா?

கேள்வி: ஐயா, விக்கிரமசிங்கபுரத்தில் பாபநாசம் போகும் சாலையில் சிறிய பலகாரக் கடை வைத்திருக்கிறேன். அல்வா, காராச்சேவு, நேந்திரங்காய் சிப்ஸ் மூன்றும் கடைப் பட்டறையிலேயே போடுகிறோம். கல்லிடைக்குறிச்சி அப்பளம் வாங்கி விற்கிறோம். வாடகை, மாஸ்டர் சம்பளம், கடைப் பையன் சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்ந்து மாதம் 40,000 ரூபாய். விற்பனை 1,60,000. இந்த 40,000-ஐ விற்பனைக்குத் தக்கபடி நான்கு சரக்குக்கும் பிரித்துப் போட்டேன். சிப்ஸில் 1,200-உம் அப்பளத்தில் 1,800-உம் நஷ்டம் காட்டுகிறது. இரண்டையும் நிறுத்திவிட்டு, திருநெல்வேலி இருட்டுக்கடை போல அல்வாவிலேயே முழுமூச்சாக இறங்கலாம் என்கிறார் என் மைத்துனர். செய்யலாமா? சரக்கு வாரியான கணக்கை இத்துடன் எழுதியிருக்கிறேன்.

பதில்: இப்போதைக்கு எதையும் நிறுத்தாதீர்கள். நீங்கள் அனுப்பிய கணக்கில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருக்கிறது. பிரித்துப் போட்ட இடத்தில்தான் சிக்கல். சிப்ஸ் தலையில் 12,000 ரூபாயும் அப்பளத்தின் தலையில் 5,000 ரூபாயும் வாடகை, சம்பளம் என்று ஏற்றியிருக்கிறீர்கள். நாளைக்கே இரண்டையும் நிறுத்தினால் கடைச் சொந்தக்காரர் வாடகையைக் குறைப்பாரா? மாஸ்டர் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுப்பாரா? அந்த 17,000 ரூபாயும் அல்வா, காராச்சேவு தலையில்தான் வந்து விழும்.

அதனால் முதலில் பொதுச்செலவைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு கிலோ கூடுதலாக விற்றால் எந்தச் செலவு கூடுமோ, ஒரு கிலோ குறைந்தால் எது குறையுமோ, அதை மட்டும் விற்பனை விலையில் கழியுங்கள். மாவு, சீனி, நெய், எண்ணெய், எரிவாயு, கவர், உடைந்து வீணாவது, இவ்வளவுதான். மிச்சம் நிற்பதற்குப் பங்களிப்பு என்று பெயர். அந்தச் சரக்கு பொதுச்செலவைத் தாங்கக் கொடுக்கும் காசு அது. எல்லாச் சரக்கின் பங்களிப்பையும் கூட்டி, 40,000-ஐ ஒரே ஒரு தடவை கழித்தால் உங்கள் லாபம் தெரியும்.

உங்கள் எண்களை அப்படிப் போட்டுப் பார்த்தேன். அல்வா கிலோ 320 ரூபாய், அதற்கென்று ஆகும் செலவு 190. கிலோவுக்கு 130 நிற்கிறது. 150 கிலோவுக்கு 19,500. காராச்சேவு 220-க்கு விற்று, 130 செலவு போக 90 நிற்கிறது; 200 கிலோவுக்கு 18,000. சிப்ஸ் 400-க்கு விற்று, 310 செலவு போக அதிலும் 90. 120 கிலோவுக்கு 10,800. அப்பளம் 42-க்கு வாங்கி 50-க்கு விற்பதில் பாக்கெட்டுக்கு 8. 400 பாக்கெட்டுக்கு 3,200. மொத்தம் 51,500. பொதுச்செலவு போக மாத லாபம் 11,500.

இப்போது மைத்துனர் சொல்படி சிப்ஸையும் அப்பளத்தையும் எடுத்துவிடுங்கள். அல்வாவும் காராச்சேவும் தரும் 37,500 மட்டும் இருக்கும். பொதுச்செலவு அதே 40,000. நஷ்டம் என்று காட்டிய இரண்டு சரக்கை நிறுத்தியதும், 11,500 லாபம் தந்த கடை 2,500 நஷ்டத்துக்குப் போய்விடும்.

சிப்ஸ் அடுப்பை விட்டால் அந்த நேரத்தில் அல்வா கிண்டலாமே என்று மைத்துனர் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்குக் கிலோக் கணக்கு பதில் சொல்லாது, அடுப்புக் கணக்கு வேண்டும். உங்களுக்கு ஒரு மாஸ்டர், ஒரு பெரிய அடுப்பு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வீதம் மாதம் 150 மணி நேரத்துக்கு மேல் அடுப்பில் வேலை நடக்காது. கடையில் எது தட்டுப்பாடோ அதை வைத்துத்தான் சரக்கை எடைபோட வேண்டும்.

சம்பா கோதுமை ஊறப்போட்டு, ஆட்டி, பால் எடுப்பதை விட்டுவிட்டாலும், ஆறு கிலோ அல்வா கிண்டி இறக்க மூன்று மணி நேரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நிற்பது 780 ரூபாய், அதாவது மணிக்கு 260. சிப்ஸ் மணிக்கு நான்கு கிலோ, 360 ரூபாய். காராச்சேவு மணிக்கு ஐந்து கிலோ, 450 ரூபாய். கிலோவுக்கு அதிகம் தரும் அல்வா, அடுப்பு மணிக்குக் கடைசியில் நிற்கிறது. கிலோவுக்கு ஒரே 90 தரும் காராச்சேவும் சிப்ஸும் மணிக்கு 90 ரூபாய் வித்தியாசப்படுகின்றன.

சிப்ஸுக்கு மாதம் 30 மணி நேரம் போகிறது. அதே நேரத்தில் அல்வா போட்டால் பத்து ஈடு, 60 கிலோ. அத்தனையும் விற்றாலும் வருவது 7,800, இழப்பது 10,800. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நேந்திரங்காய் தோலுரிக்க என்றே தனியாக ஆள் வருகிறாரா? அவர் சம்பளம் சிப்ஸை நிறுத்தினால் உண்மையிலேயே நின்றுவிடும் செலவு. அதைச் சிப்ஸ் கணக்கில்தான் கழிக்க வேண்டும். மாதம் 3,000 ஆகிறதென்றால் சிப்ஸும் அல்வாவும் சமமாகிவிடும்.

அதற்காக அல்வாவைக் குறைக்கச் சொல்லவில்லை. அருவிக்கும் பாபநாசம் கோயிலுக்கும் வருகிறவர்கள் வண்டியை நிறுத்துவது அல்வாவுக்காக. நம் பக்கத்தில் அல்வா தின்றதும் கொஞ்சம் காரம் வாயில் போடாமல் யாரும் எழுந்திருப்பதில்லை. அல்வா வாங்குகிறவர் பையில் காராச்சேவும் சிப்ஸும் போகின்றனவா என்று பாருங்கள். ஒரு வாரம் ஒவ்வொரு பில்லிலும் அல்வாவோடு வேறு என்ன போனது என்று பையனை ஒரு கோடு போடச் சொன்னால் போதும். பாதிப் பில்லில் காரம் சேர்ந்து போகிறதென்றால், அந்தக் காரம் விற்றதில் அல்வாவுக்கும் பங்கு உண்டு. அல்வாவைக் கழற்றிவிட்டால் அதுவும் சேர்ந்து போகும்.

அல்வாவில் மாற்ற வேண்டியது சட்டி. ஆறு கிலோ கிண்டுவதற்கும் பத்துக் கிலோ கிண்டுவதற்கும் நேரம் அவ்வளவாகக் கூடாது. உங்கள் மாஸ்டரையே கேளுங்கள். பத்துக் கிலோ ஈடு மூன்றரை மணி நேரத்தில் இறங்கினால் மணிக்கு 371 ரூபாய் நிற்கும், சிப்ஸைத் தாண்டிவிடும். மாதம் 150 கிலோவுக்கு இப்போது 75 மணி நேரம் பிடிக்கிறது. பெரிய சட்டியில் 52.5 மணி நேரத்தில் முடியும். 22.5 மணி நேரம் மிச்சம். அதில் 11 மணி நேரத்தைக் காராச்சேவுக்குக் கொடுத்து, கூடுதலாக வரும் 55 கிலோவும் விற்றால், 4,950 ரூபாய் புதிதாக நிற்கும். விற்குமா என்பதை மட்டும் முதலில் சோதியுங்கள். அருவிக்கு வருகிற கூட்டம் பருவத்தோடு போய்விடும். மாலைத் தேநீருக்குக் காராச்சேவு வாங்குவது உள்ளூர்க் குடும்பங்கள், ஆலையில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் வருஷம் முழுக்க வருவார்கள், ஆனால் திடீரென்று இரண்டு மடங்கு தின்ன மாட்டார்கள். வாரம் பத்துப் பதினைந்து கிலோ கூட்டிப் பார்த்து, தகரத்தில் தேங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இருட்டுக்கடை அல்வாவுக்கு வாசலில் வரிசை நிற்கிறது. போட்டது போட்டபடி விற்றுத் தீரும் இடத்தில் ஒரே சரக்கில் நிற்பது சரியாக வரும். உங்கள் கடையில் மாலையில் அல்வா மிஞ்சுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அப்பளத்துக்கு அடுப்பு வேண்டாம், மாஸ்டர் வேண்டாம். அலமாரியில் ஒரு தட்டுதான் வேண்டும். அதை அந்தத் தட்டோடு ஒப்பிட்டால் போதும். உடைந்து போவதையும் கணக்கில் எடுங்கள். இருபதுக்கு ஒரு பாக்கெட் உடைந்தால், மாதம் இருபது பாக்கெட்டின் கொள்முதல் விலையான 840 ரூபாய் போய், 3,200 என்பது 2,360 ஆகும். அதே தட்டில் அதைவிட அதிகம் தரும் சரக்கு கையில் இருந்தால் அன்றைக்கு அப்பளத்தை எடுங்கள். வெறும் தட்டாக விடுவதற்காக எடுக்க வேண்டாம்.

இந்தக் கணக்கில் மிக எளிதாகக் கவிழக்கூடியது சிப்ஸ்தான். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கு நினைவிருக்கும். கிலோ சிப்ஸுக்கு 350 மில்லி எண்ணெய் பிடிக்கிறது என்கிறீர்கள். லிட்டருக்கு 100 ரூபாய் ஏறினால் கிலோவுக்கு 35 ரூபாய் போய்விடும். 90 ரூபாய் 55 ஆகும். மணிக்கு 360 என்பது 220 ஆகி, இப்போதைய சட்டியில் கிண்டும் அல்வாவுக்கும் கீழே போகும். அப்போது விலையை ஏற்றுவதா, அளவைக் குறைத்துப் போடுவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும். மாதக் கடைசியில் வாங்கிய எண்ணெயைப் போட்ட சிப்ஸால் வகுத்துப் பாருங்கள். விலை ஏறாமலே 350 மில்லி 420 ஆகியிருந்தால் எண்ணெய் சரியாகக் காயுமுன் காயைப் போடுகிறார்கள் என்று சந்தேகப்படலாம். காய்ந்தும் காயாத எண்ணெயில் போட்ட காய் எண்ணெயைக் குடிக்கும்.

கல்யாண ஆர்டர்களுக்கும் இதே கணக்குத்தான். 30 கிலோ அல்வா, கிலோ 260-க்குக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். செலவு போகக் கிலோவுக்கு 70, மொத்தம் 2,100. உங்கள் சட்டியில் அதற்கு 15 மணி நேரம் வேண்டும். அடுப்பு சும்மா இருக்கும் வாரம் என்றால் தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். காராச்சேவை நிறுத்தித்தான் கிண்ட முடியும் என்றால், அந்த 15 மணி நேரத்தில் 6,750 ரூபாயை விடுகிறீர்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் பாபநாசத்துக்கும் கூட்டம் வரும் நாட்களில் மலிவு விலை ஆர்டர் எதையும் எடுக்கவே வேண்டாம். காராச்சேவும் சிப்ஸும் கெடாமல் இருக்கும். அவற்றை முந்திய வாரமே போட்டுத் தகரத்தில் அடைத்துவிட்டு, கூட்ட நாட்களில் அடுப்பை அல்வாவுக்கு விடுங்கள்.

ஆக, நான்கு சரக்கும் இருக்கட்டும். பெரிய சட்டி வாங்குங்கள். காராச்சேவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சிப்ஸ் கணக்கை மட்டும் எண்ணெய் பில் வரும்போதெல்லாம் புதிதாகப் போடுங்கள். இப்போதைய சட்டிக் கணக்கில் கிலோவுக்கு 65-க்குக் கீழே போனால், சிப்ஸைப் பொறுத்தவரை உங்கள் மைத்துனர் சொன்னதை யோசிக்கும் நேரம் வந்துவிட்டது.