எந்தப் பல்பு எரியும்?



முதலாண்டு எலெக்ட்ரிகல் பயிற்சித் தாளில் மூன்று பல்பு, இரண்டு சுவிட்ச், ஒரு பேட்டரி போட்ட படம் ஒன்று வரும். “எவை எரியும், எது அதிக வெளிச்சம் தரும்?” என்பதுதான் கேள்வி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வீட்டில் கேட்டுத் தெரிஞ்சுக்க ஆள் இல்லாததால் கலர் பென்சிலை வைத்து நானே பழகிய வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் குறியீடுகள். நீளக்கோடும் குட்டைக்கோடும் பேட்டரி, நீளமானது பாசிட்டிவ். வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டால் பல்பு. கோடு விட்டுப்போய் ஒரு கை சாய்ந்து நின்றால் திறந்த சுவிட்ச். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால்தான் அங்கே இணைப்பு உண்டு. புள்ளி இல்லையென்றால் ஒரு வயர் மற்றொன்றைத் தாண்டிப் போகிறது, அவ்வளவுதான்.

இனி நம்ம படம். 6 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து சு1 என்ற சுவிட்ச் வழியாக ப1 என்ற பல்புக்கு வயர் போகிறது. ப1-இன் மறுமுனையில் ஒரு புள்ளி. அங்கிருந்து ப2-க்கு ஒரு வயர், ப3-க்கு ஒரு வயர். இரண்டின் மறுமுனைகளும் சேர்ந்து நெகட்டிவுக்குத் திரும்புகின்றன. சு2 என்ற சுவிட்ச் ப2-இன் இரு முனைகளுக்கும் குறுக்கே இருக்கிறது. தாளில் ப1, ப2 இரண்டும் ஒரே நேர்கோட்டிலும், ப3 எங்கோ மூலையில் சாய்வாகவும் இருக்கும். பார்த்தவுடனே “ப1, ப2 தொடர் இணைப்பு” என்று எழுதத் தோணும். கோட்டின் வடிவத்தை நம்பாதீங்க.

சு1 மூடியிருப்பதாக வைத்து, பாசிட்டிவிலிருந்து ப1 வரை உள்ள வயரைச் சிவப்பால் தீட்டுங்கள். பல்பைத் தாண்டினால் நிறம் மாற வேண்டும். ப1-க்கு அப்புறம் உள்ள வயர் முழுதும் நீலம். ப2, ப3 தாண்டி நெகட்டிவ் வரை பச்சை. இப்போது ப2-க்கும் ப3-க்கும் ஒரு முனை நீலம், மறுமுனை பச்சை. இரு முனையும் ஒரே நிறங்களில் சேர்ந்தால் அது பக்க இணைப்பு. தொடர் இணைப்பு என்றால் இரண்டுக்கும் நடுவில் உள்ள நிறத்தில் வேறு கிளை இருக்கக் கூடாது. நம்ம நீலத்தில் கிளை இருக்கிறது. ஆகவே ப1, அந்த ஜோடியோடு மொத்தமாகத்தான் தொடரில் நிற்கிறது.

ஒவ்வொரு பல்பும் 10 ஓம் என்று வைப்போம். ஜோடிக்கு 5 ஓம், மொத்தம் 15 ஓம். I = V/R படி 6/15 = 0.4 ஆம்பியர். ப1-க்கு 4 வோல்ட், ஜோடிக்கு 2 வோல்ட். திறனைக் கணக்கிட்டால் ப1-இல் 1.6 வாட், மற்ற இரண்டிலும் 0.4 வாட் வீதம். ஆகவே ப1 நல்லா எரியும், ப2-வும் ப3-யும் மங்கல்.

ப2 பியூஸ் போனால்? ப1, ப3 மட்டும் தொடரில் நிற்கும். ஆளுக்கு 3 வோல்ட், 0.9 வாட். ப1 மங்கும், ப3 முன்னைவிடப் பிரகாசமாகும்.

சு2-வை மூடினால்? நீலமும் பச்சையும் ஒரே நிறமாகிவிடும். இரு முனையும் ஒரே நிறமான பல்புக்கு வோல்டேஜ் கிடையாது. ப2 மட்டுமில்லை, ப3-யும் அணையும். 6 வோல்ட்டும் ப1-க்கே போவதால் அது முழு வெளிச்சம் தரும். ஆனால் சிவப்பையும் பச்சையையும் ஒரு வயரால் சேர்த்துவிடக் கூடாது. நடுவில் பல்பே இல்லாமல் பேட்டரி ஷார்ட் ஆகி வயர் சுட்டுவிடும்.

லேபில் செய்யும்போது ஒரு வித்தியாசம் தெரியும். டங்ஸ்டன் இழை சூடு குறைந்தால் அதன் மின்தடையும் குறையும். அதனால் மங்கலான ஜோடிக்கு 2 வோல்ட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். சில சமயம் எரிவதே கண்ணுக்குத் தெரியாது. உடனே பல்பைக் குறை சொல்லாமல் வோல்ட்மீட்டரை வையுங்கள். ஜோடியின் குறுக்கே ஒன்றரை வோல்ட் போலக் காட்டினால் சுற்று சரியாகத்தான் இருக்கிறது. மூன்றும் இருட்டாக இருந்து, ப1-இன் குறுக்கே 6 வோல்ட்டும் ஜோடியின் குறுக்கே பூஜ்யமும் காட்டினால் ப1-இன் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு கணக்கு. சு2-வை எடுத்து ப1-இன் குறுக்கே போட்டு மூடினால் என்ன ஆகும்? பென்சில் எடுத்துத் தீட்டிப் பாருங்கள். சிவப்பும் நீலமும் ஒன்றாகி ப1 அணைந்து, ப2-வும் ப3-யும் ஆளுக்கு 6 வோல்ட் வாங்கி முழுசா எரியும் என்று வந்தால் விடை சரி.