24 மணி நேரம்தான் நிறுத்தமா? ஓர் அறிவிப்பைத் திருத்தி எழுதிப் பார்ப்போம்

குடிநீர் நிறுத்த அறிவிப்பு பெரும்பாலும் இப்படித்தான் உங்கள் போனுக்கு வரும்:

"பிரதான உந்துகுழாய் இணைப்புப் பணிகள் நடைபெறவுள்ளதால் 12.06.2025 காலை 9 மணி முதல் 13.06.2025 காலை 9 மணி வரை மேற்குப் பகுதியில் குடிநீர் விநியோகம் நிறுத்தப்படுகிறது. பொதுமக்கள் தேவையான குடிநீரைச் சேமித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

படித்ததும் "ஒரு நாள்தானே, சமாளிச்சுடலாம்" என்று தோன்றும். ஆனால் அது வேலை நடக்கும் நேரம். உங்கள் குழாயில் தண்ணி வராத நேரம் வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், காலை 6 முதல் 8 வரை தண்ணீர் வருகிறது. முறை நாட்கள் 11, 13, 15 என்று வைத்துக்கொள்வோம். 13-ம் தேதி முறை நிறுத்த நேரத்துக்குள் விழுகிறது. மாற்று முறை தராவிட்டால், 11-ம் தேதி காலை 8 மணிக்கு நின்ற தண்ணீர் 15-ம் தேதி காலை 6 மணிக்குத்தான் வரும். அறிவிப்பில் 24 மணி நேரம். வீட்டில் 94 மணி நேரம்! இன்னொன்று: நீங்கள் சேமிக்க முடிவது 11-ம் தேதி காலையில் மட்டும். அறிவிப்பு 11-ம் தேதி மாலை வந்தால் எதைப் பிடித்து வைப்பது?

வேலை முடிந்ததும் திறந்துவிடவும் முடியாது. காலியான குழாய் நிரம்பி, மேல்நிலைத் தொட்டியில் மட்டம் ஏற வேண்டும். கடைக்கோடி வீடுகளுக்கு இன்னும் தாமதமாகும்.

ஆகவே 10-ம் தேதியே, தெருக் கணக்கில் இப்படி எழுதலாம்:

"பள்ளிக்கூடத் தெரு, குளக்கரைத் தெரு: 13.06.2025 வெள்ளி காலை தண்ணீர் வராது. பதிலாக 14-ம் தேதி சனி மாலை 5 முதல் 7 வரை வரும். 11-ம் தேதி காலையில் மூன்றரை நாளுக்குப் பிடித்து வையுங்கள். பழைய குழாயுடன் புதுக் குழாயை இணைக்கிறோம். முதலில் கலங்கலாக வந்தால் அதைக் குடிக்கப் பிடிக்க வேண்டாம். 13-ம் தேதி காலை 7 மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் லாரி நிற்கும்."

காரணத்தை எழுதுவது சும்மா மரியாதைக்கு இல்லை. குழாயை வெட்டிச் சேர்த்தால் மண் கலங்கல் வரும் என்று மக்கள் எதிர்பார்க்கலாம். மின்தடையால் மோட்டார் நின்றது என்றால் அந்தக் கவலை குறைவு. "தொழில்நுட்பக் காரணம்" என்றால் இரண்டும் தெரியாது. ஆண்டையும் கிழமையையும் விடக்கூடாது. போன வருஷத்துப் படம் இன்றைக்கும் குரூப்பில் சுற்றும்.

லாரி விஷயத்தில் இடமும் நேரமும் இல்லாமல் "மாற்று ஏற்பாடு செய்யப்படும்" என்பது ஏற்பாடே இல்லை. சென்னையில் குடிநீர் வாரியத்தின் cmwssb.tn.gov.in தளத்தில் பணம் கட்டி லாரித் தண்ணீர் பதிவு செய்யலாம். அப்படி வசதி இருக்கும் ஊரில் முகவரியையும் சேர்க்க வேண்டும்.

பழைய பாணி அறிவிப்புதான் உங்கள் கைக்கு வந்ததா? தண்ணீர் திறந்துவிடுபவரிடமோ அலுவலகத்திலோ "எப்ப வேலை முடியும்?" என்று கேட்காதீர்கள். "எங்க தெருவுக்கு அடுத்த முறை எந்த நாள், எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள்.