போகியன்று திறக்காத பில் கம்ப்யூட்டர்

சரக்கு விலையைப் பற்றியும் வரியைப் பற்றியும் இந்தப் பக்கங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த முறை கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். எழுதுகிறவன் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன். கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. ஆனால் அன்று காலை அந்தக் கடையில் நான் இருந்தேன். என்ன நடந்தது, எதனால் நடந்தது என்பதைக் கடைசிவரை கூடவே இருந்து தெரிந்துகொண்டேன்.

களமருதூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் சரக்கு எடுப்பவர். போகியன்று காலை வெல்லமும் பச்சரிசியும் தீர்ந்துவிடும் என்று முதல் நாள் போன் செய்திருந்தார். விடிவதற்குள் வண்டியோடு போய்ச் சேர்ந்தேன். ஆறு மணிக்கே வாசலில் கூட்டம். தம்பி மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் வியர்த்து நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, நேத்து ராத்திரி பத்தரை வரைக்கும் நல்லா ஓடுச்சு. இப்ப வரமாட்டேங்குது" என்றார்.

ஸ்விட்சைப் போட்டால் உள்ளே மின்விசிறி சுற்றுகிறது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ வருகிறது. அவர் படிக்காமலே அணைத்துவிட்டு மறுபடி போடுகிறார். இப்படி ஏழெட்டு முறை ஆகிவிட்டது. போனில் கிடைத்த மெக்கானிக் ஒருவர், "ஹார்டு டிஸ்க் போயிருக்கும், இல்லாவிட்டால் விண்டோஸ் போயிருக்கும். பத்து மணிக்கு வருகிறேன், புதிதாக விண்டோஸ் போட்டுவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தப் பேச்சுதான். புதிதாக விண்டோஸ் போடும்போது டிஸ்க்கை அழித்துப் போடுகிறவர்களும் உண்டு. அழித்தால் உள்ளே இருக்கும் கணக்கும் போகும். "கடைசியாக எப்போது கணக்கை நகல் எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். ஆயுத பூஜைக்கு என்றார். அதற்குப் பிறகு மூன்று மாதக் கடன் பேரேடு முழுவதும் அந்தப் பெட்டிக்குள். தீபாவளிக் கடன், கரும்புப் பணம் வந்ததும் தருகிறேன் என்று எடுத்துப்போனவர்களின் பாக்கி எல்லாம் அதில்தான். எனக்கு அவர் தரவேண்டியதும் அதை நம்பித்தான் இருக்கிறது என்பதை மறைப்பானேன்.

மெக்கானிக்கை வரவேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டு, ஸ்விட்சை ஒருமுறை போட்டு, திரையில் வருவதைக் காகிதத்தில் எழுதச் சொன்னேன். பத்தாவது படிக்கும் அவர் மகள் எழுதினாள். முதலில் வந்தது இது:

```
CMOS Checksum Error - Defaults Loaded
Press F1 to continue, DEL to enter SETUP
```

F1 பொத்தானைத் தட்டியதும் வந்தது இது:

```
Remove disks or other media.
Press any key to restart
```

இரண்டு அறிவிப்பில் எதிலும் டிஸ்க் கெட்டுவிட்டது என்று இல்லை. முதல் அறிவிப்பு பேட்டரியைப் பற்றியது. கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையில் ஒரு ரூபாய்க் காசு போல வட்டமான பேட்டரி ஒன்று இருக்கும். சி.ஆர். 2032 என்று அதன் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். 3 வோல்ட். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். அந்த எண்ணின் பொருளே அதுதான். கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியையும் மணியையும் நகர்த்துவது இந்தப் பேட்டரிதான். எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது போன்ற அமைப்புகளும் பல பெட்டிகளில் இதன் தயவில்தான் நிற்கின்றன.

பெட்டியின் ஒயர் பிளக்கில் இருந்து கரண்ட் வந்துகொண்டிருந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் இந்தப் பேட்டரிக்கு அதிக வேலையில்லை. நம் கடைகளில் அப்படியா? இரவு பூட்டும்போது தீ விபத்துக்குப் பயந்து மெயினையே அணைத்துவிட்டுப் போகிறோம். அது நல்ல பழக்கம், விடச் சொல்லமாட்டேன். ஆனால் தினமும் எட்டு ஒன்பது மணி நேரம் அந்தப் பேட்டரி தனியாகச் சுமக்கிறது. அதனால் பிளக்கிலேயே கிடக்கும் கம்ப்யூட்டரைவிட நம் கம்ப்யூட்டரில் சீக்கிரமே தீரும். தீரப்போவதும் முன்கூட்டியே தெரியும். "காலையில் திரை மூலையில் மணி தப்பாக இருந்ததுண்டா?" என்று கேட்டேன். கார்த்திகை மாதத்திலிருந்தே அப்படித்தான், தினமும் சரிசெய்துகொண்டிருந்தேன் என்றார் தம்பி.

இரண்டாவது அறிவிப்பு இன்னும் எளிது. ஏதோ ஒன்று செருகியிருக்கிறது, எடு என்கிறது. பார்த்தால் பெட்டியின் பின்புறத்தில் ஒரு பென் டிரைவ். பொங்கல் சலுகை பேனருக்காக அச்சகத்துப் பையன் முதல் நாள் கொடுத்தது. பேட்டரி சரியாக இருந்தபோது "முதலில் ஹார்டு டிஸ்க்கைப் பார்" என்ற அமைப்பு நினைவில் இருந்தது. பேட்டரி தீர்ந்ததும் கம்ப்யூட்டர் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி, முதலில் பென் டிரைவைப் பார்த்திருக்கிறது. அதில் பேனர் படம்தான் இருக்கிறது, விண்டோஸ் இல்லை. அங்கேயே நின்றுவிட்டது.

டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. போட்டவுடன் Del பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் அமைப்புப் பக்கம் திறக்கும் (சில கம்பெனிப் பெட்டிகளில் F2). அங்கே டிஸ்க்கின் பெயரும் அளவும் காட்டினால், கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் பார்க்கிறது என்று அர்த்தம். பெயரே இல்லாவிட்டாலோ, உள்ளே டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் அணைத்து வைத்து, கணக்கை மீட்கத் தெரிந்தவரிடம் கொடுக்கவேண்டும். இங்கே பெயர் காட்டியது. தம்பிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பென் டிரைவை எடுத்ததும் விண்டோஸ் வந்துவிட்டது. பில் போடும் சாப்ட்வேரும் திறந்தது. முதல் பில் உள்ளூர் வாத்தியார் ஒருவருக்கு. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, 01-01-2017 என்று போட்டிருக்கிறது?" என்றார். பேட்டரி தீர்ந்ததால் தேதியும் பழைய வருடத்துக்குப் போய்விட்டது. சாப்ட்வேர் கம்ப்யூட்டர் தேதியை நம்பி, 2016-17 கணக்கில் 1ஆம் நம்பர் பில்லைப் போட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. வருவதற்கே ஆறு மாதம் முந்திய தேதியில் ஜி.எஸ்.டி. பில்! அதை அங்கேயே வாங்கி ரத்து என்று எழுதிக் கோப்பில் வைத்தோம். கூட்டத்தில் நூறு பில் இப்படிப் போயிருந்தால் நினைத்துப் பாருங்கள். தேதி பிசகினால் ஜி.எஸ்.டி. தளமும் வங்கித் தளமும் திறக்காது. பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கை காட்டும். இன்டர்நெட் பழுது என்று அலைவோம்.

பேட்டரி வாங்கிவர ஆள் அனுப்பினோம். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையிலேயே கிடைக்கும், விலை சொற்பம். மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துக் கொக்கியை அழுத்திப் பழையதை எடுத்து, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை வைக்கவேண்டும். பிறகு அமைப்புப் பக்கத்தில் தேதி, மணி, முதல் டிஸ்க் மூன்றையும் சரிசெய்து F10 தட்டிப் பதியவேண்டும். எல்லாம் முடிய எட்டே முக்கால் ஆனது.

அதுவரை வியாபாரம் நிற்கவில்லை. இதைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும். தம்பியிடம் அச்சடித்த பில் புத்தகம் ஒன்று தூசியோடு கிடந்தது. ஜி.எஸ்.டி. விதி 46ன்படி ஒரு கடை ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளில் பில் போடலாம். ஒவ்வொரு வரிசையும் விடாமல் தொடரவேண்டும், நம்பர் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, அதே நிதியாண்டில் ஒரே நம்பர் இரண்டு முறை வரக்கூடாது. ஆகவே கம்ப்யூட்டர் பில்லின் கடைசி நம்பரைத் தேடாமல், 'கை' என்று எழுத்துப் போட்டு 1 முதல் தொடங்கினோம்.

வரி கணக்கிடத்தான் பிள்ளைகள் தடுமாறினார்கள். அவர்களுக்கு ஒரு குறுக்குவழி சொன்னேன். 5 சத வரி சேர்ந்த விலையை 21ஆல் வகுத்தால் வரி கிடைக்கும். நெய்க்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதம்தான். 420 ரூபாய் நெய் என்றால் வரி 20. மத்திக்கு 10, மாநிலத்துக்கு 10, சரக்கு மதிப்பு 400. 18 சதச் சரக்கானால் விலையை 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்கவேண்டும். சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் வெல்லத்துக்கும் பச்சரிசிக்கும் வரி இல்லை. (இணக்க வரியில் இருப்பவர்கள் வரியைப் பிரித்துக் காட்டாமல் சப்ளை பில் போட்டால் போதும்.)

200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, வாங்குபவர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவராகவும் பில் கேட்காதவராகவும் இருந்தால் தனித்தனி பில் தேவையில்லை; நாள் முடிவில் மொத்தமாக ஒரு பில் போட்டால் போதும். அவற்றை ஒரு நோட்டில் தொகை மட்டும் எழுதினோம். அதனால்தான் வரிசை நகர்ந்தது. உண்மையில் கஷ்டப்படுத்தியது விலைதான். கல்லாவில் இருந்த பெண்ணுக்கு ஒரு விலையும் வாயில் வரவில்லை, எல்லாம் கம்ப்யூட்டருக்குள். முந்திரியும் ஏலக்காயும் என்ன விலை என்று தம்பி கத்திக்கொண்டே நின்றார். பண்டிகைக்கு ஓடுகிற அறுபது சரக்குக்கு முதல் நாள் இரவு ஒரு விலைத்தாள் அச்செடுத்து வைத்திருந்தால் அந்தக் கூச்சல் இல்லை.

இது களமருதூர்ச் சிக்கல் மட்டும் அல்ல. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு சாப்ட்வேரின் பிழையால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றபோது, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

கம்ப்யூட்டர் சரியானதும் கைப் பில்களை அவசரமாக ஏற்றவேண்டாம் என்றேன். இரவு கடை சாத்தியபிறகு, சாப்ட்வேரில் 'கைப் பில்' என்று தனி வகை உண்டாக்கி, அதே நம்பர், அதே தேதியில் ஏற்றினார்கள். இதற்குக் கம்ப்யூட்டர் வரிசையில் புது நம்பர் கொடுத்தால் வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில் நம் கணக்கில் இருக்காது. ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 13ஆம் அட்டவணையில் ஒவ்வொரு வரிசையின் முதல் நம்பர், கடைசி நம்பர், ரத்தானவை எல்லாம் காட்டவேண்டும். 'கை' வரிசையையும் அங்கே மறக்கக்கூடாது.

கைப் பில் 37, தொகை ரூ.24,860. நோட்டில் எழுதிய சில்லறை ரூ.6,140. மொத்தம் ரூ.31,000. கல்லாவில் காலையில் வைத்த சில்லறை போக ரொக்கம் ரூ.19,350; போனில் வந்தது ரூ.11,500. கூட்டினால் ரூ.30,850. நூற்றைம்பது இடித்தது. தம்பி மூன்று முறை எண்ணினார். கடைசியில் மகள்தான் கண்டுபிடித்தாள்: பில் 22ல், பின்புறம் பென்சிலில், "ஆத்தா, பாக்கி 150, நாளைக்கு" என்று எழுதியிருந்தது.