லாச்சிக் காசும் கைமாற்றும்

கடை வைத்திருப்பவரின் லாச்சியில் எப்போதும் காசு இருக்கும் என்று உறவினரும் நண்பரும் நம்புகிறார்கள். உண்மையில் காசு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது யாருடைய காசு என்பதைக் கடைக்காரரான நாமே பல நேரம் யோசிப்பதில்லை. நான் அதை நட்டப்பட்டே படித்துக் கொண்டேன்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. கற்பிட்டிக் கரையோரத்தில் எஞ்சின் போட் வைத்திருந்தவர்கள் கதிகலங்கிப் போனார்கள். தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளித்து, தொழில் குறைந்திருந்த மாதம் அது. அந்த நேரத்தில் நெருங்கிய நண்பர் ஒருவர் வந்து மூன்று இலட்சம் கேட்டார். மறுக்க வெட்கப்பட்டு, லாச்சியிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை, தவணையும் பேசவில்லை.

அதன் விளைவை ஒரு கணக்காகப் பார்ப்போம். விளங்குவதற்காக எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன். கடையில் 12 இலட்சம் ரூபா முதல் சரக்காக இருக்கிறது. அது மாதம் இரண்டு தடவை விற்றுப் புரளுகிறது. 24 இலட்சத்துக்கு வாங்கிய சரக்கில் நூற்றுக்குப் பத்து வைத்து விற்றால் மொத்த இலாபம் 240,000 ரூபா. கடை வாடகை, பொடியன்மாரின் சம்பளம், லைட் பில், லொறிக் கூலி எல்லாம் 110,000. வீட்டுச் செலவு 100,000. மிச்சம் 30,000.

இதில் மூன்று இலட்சத்தை வெளியே எடுத்தால் சரக்கு ஒன்பது இலட்சமாகிறது. மொத்த இலாபம் 180,000 ஆகக் குறைகிறது. ஆனால் வாடகையும் சம்பளமும் குறைவதில்லை, வீட்டுச் செலவும் குறைவதில்லை. மாதம் 30,000 மிஞ்சிய கடையில் இப்போது மாதம் 30,000 துண்டு விழுகிறது. அந்தத் துண்டையும் முதலிலிருந்தே எடுக்கிறோம். ஐந்து மாதத்தில், கொடுத்த மூன்று இலட்சம் அளவுக்கு இலாபமும் போய்விடுகிறது. கேட்டவருக்கும் நமக்கும் இது தெரியாது. “கடையில் முந்தியைப் போல சாமான் இல்லையே” என்று வாடிக்கையாளர் சொல்லும்போதுதான் தெரியவரும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பணத்தைவிட எனக்கு வலித்தது வேறொன்று. அந்த நண்பர் ஜும்ஆவுக்கு வந்தால் நான் இருக்கும் ஸப்பைத் தவிர்த்து, கடைசி ஸப்பில் நின்று, ஸலாம் கொடுத்ததும் எழுந்து போய்விடுவார். கடன் கொடுத்து ஒரு நண்பரை இழந்தேன்.

அதற்குப் பிறகு கைமாற்றுக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கினேன். மேலே சொன்ன மிச்சம் 30,000 இல் பாதியைக் கடைக்கே சேர்க்கிறேன். மறுபாதி 15,000 ஐ மாதாமாதம் வேறு வங்கிப் புத்தகத்தில் போடுகிறேன். உறவினருக்கும் நண்பருக்கும் கொடுக்கும் கர்ழ் இதிலிருந்து மட்டுமே. கணக்கில் எவ்வளவு இருந்தாலும் ஒருவருக்கு அதில் பாதிக்கு மேல் இல்லை. மறுபாதி அடுத்து வருபவருக்காக. இலாபம் குறைந்த மாதத்தில் அதில் போடுவதும் குறையும். கொப்பியில் எழுதிக் கொடுக்கும் சாமானும் கடன்தான். ஆகவே உறவினரின் கொப்பிக் கணக்கையும் இந்த வரம்புக்குள்ளேயே பார்க்கிறேன். ஸகாத் வேறு கணக்கு. திருப்பித்தர வழியே இல்லாத ஏழை உறவினரைக் கடன்காரர் ஆக்குவதைவிட, தகுதியிருந்தால் ஸகாத்திலிருந்து கொடுத்துவிடுவதே நல்லது.

இந்த வரம்புக்கு ஒரு சோதனை வந்தது. ஒரு செப்டெம்பர் மாதக் கடைசியில் என் மச்சான் ஒருவர் கடைக்கு வந்தார். “எஞ்சின் பழுதாப் போச்சு மச்சான். மூணு லட்சம் இருந்தா செகண்ட்ஹேண்ட் ஒண்டு எடுத்திடுவன். சீசன் முடியிறதுக்குள்ள தந்திடுவன்” என்றார். அவருக்கு வேறு வழியும் இருந்தது. மீன் முதலாளியிடம் முற்பணம் எடுக்கலாம். ஆனால் எடுத்தால் பிடிக்கும் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். அதனால்தான் மறுப்பது கஷ்டமாக இருந்தது.

கணக்கில் அப்போது 140,000 இருந்தது. வாடிக்கையாளர் முன் பேசாமல் உள்ளே அழைத்து, தேநீர் கொடுத்துச் சொன்னேன்: “மச்சான், லாச்சியில இருக்கிறது என்ட காசு இல்ல. கொழும்புக் கடைக்குக் கட்ட வேண்டியது. அதத் தொட்டா ரெண்டு குடும்பமும் விழும். கைமாற்றுக்கு வெச்சதில எழுபதாயிரம் தாரன். அதுக்கு மேல என்னால ஏலாது.”

அவர் முகம் வாடியது உண்மை. ஆனால் அன்றே பதில் கிடைத்ததால் அன்றே வேறு வழி பார்த்தார். பழைய எஞ்சினை உதிரிப் பாகத்துக்கு விற்றார், தம்பியிடம் கொஞ்சம் வாங்கினார். முதலாளியிடம் எடுத்த முற்பணம் சிறியதாகிவிட்டது, சில கிழமைகளில் அதை அடைத்தும் விட்டார்.

மறுக்கும்போது நாம் விடும் தவறுகள் இரண்டு. ஒன்று, “கையில காசு இல்ல” என்ற பொய். மறுநாள் கடை வாசலில் லொறி சரக்கு இறக்கினால் அந்தப் பொய் வெளியே வந்துவிடும். மற்றது, “பார்ப்போம்” என்ற சொல். அதை நம்பி அவர் பத்து நாள் காத்திருப்பார், மற்ற வழிகளும் அதற்குள் அடைபட்டுவிடும். கொடுக்க முடியாதபோது இதமாகப் பேசும்படி அல்குர்ஆன் (17:28) சொல்கிறது. அடுத்த வசனமோ கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முழுவதுமாக விரித்துவிடவும் வேண்டாம் என்கிறது. வரம்பும் இதமும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

கொடுத்த எழுபதாயிரத்தை எழுதினோம். தொகை, திகதி, தவணை, இருவரின் கையொப்பம், சாட்சிகள் இருவர். மச்சானுக்குள் எழுத்தா என்று கூசத் தேவையில்லை. தவணைக் கடனை எழுதச் சொல்வது அல்குர்ஆன் (2:282). நாட்டின் சட்டத்திலும் எழுத்துக்கு மதிப்பு உண்டு. காலாவதிச் சட்டப்படி, எழுத்திலுள்ள கடனுக்கு ஆறு வருடம் வரை வழக்கிடலாம். வாய்ப்பேச்சுக் கடனுக்கு மூன்று வருடம், கடைக் கொப்பிக் கடனுக்கு ஒரு வருடம் மட்டுமே. நாம் வழக்குக்குப் போகப்போவதில்லை. ஆனாலும் இருவரில் ஒருவர் மவுத்தானால் பிள்ளைகளுக்குள் சண்டை வராமல் காப்பது அந்தத் தாள்தான்.

தவணையைக் கடலைப் பார்த்து வைத்தோம். ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு மாதம், மாதம் 10,000. காற்று மாதங்களில் தவணை இல்லை. இரண்டு வருமானமும் இல்லாத மாதத்தில் தவணை வைத்தால், அது தவறுவதற்கென்றே வைத்த தவணை. ஒரு சதமும் கூடுதலாகப் பேசவில்லை, அது வட்டியாகிவிடும். கடன் நிற்கும்வரை வீட்டுக்கு மீன் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

ஐந்து தவணை ஒழுங்காக வந்தது. மார்ச்சில் வலை கிழிந்துவிட்டது. தவணைக்கு முந்திய நாளே அவர் வந்து சொன்னார். கஷ்டப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி அல்குர்ஆன் (2:280) சொல்வதால், மீதி இரண்டையும் அடுத்த ஒக்டோபருக்கும் நவம்பருக்கும் மாற்றித் தாளில் எழுதினோம். தவறியவர் முன்கூட்டி வந்து சொன்னால் கடன் பிழைக்கும். சொல்லாமல் பாதை மாறி நடந்தால், நாமே தேடிப் போய்ப் பேசவேண்டிய நேரம் அது. 2022 இல் நான் அதைச் செய்யவில்லை.

மச்சான் கடனை அடைத்துவிட்டார். இன்றும் பள்ளியில் என் பக்கத்து ஸப்பில்தான் நிற்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.