றப்பர் கொட்டிலில் அசிட் சிந்தினால்

மாத்தளை மலைப்பக்கத்து றப்பர் தோட்டங்களில் பால் உறைய வைக்கும் போமிக் அசிட், போத்தலில் இருந்து அளந்து ஊற்றும்போதுதான் பெரும்பாலும் சிந்தும். முதலில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். றப்பர் கையுறையும் கண்ணாடியும் போடாமல் கிட்டப் போக வேண்டாம்.

அதன்மேல் தூவ அப்பச்சோடாதான் நல்லது. கோஸ்டிக் சோடா போட்டால் கொதித்துத் தெறிக்கும். பிளீச்சிங் பவுடர் நச்சு வாயுவைக் கிளப்பும். அரைக் கோப்பை, அதாவது 100 மில்லிலீற்றர், செறிந்த அசிட்டுக்கு ஏறக்குறைய 200 கிராம் சோடா பிடிக்கும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். புஸ்ஸென்று நுரைத்து 50 லீற்றருக்கு மேல் கரியமில வாயு வரும், அதனால்தான் காற்றோட்டம். மேலும் தூவியும் நுரைக்காவிட்டால் அள்ளிவிட்டு, தண்ணீர் விட்டுக் கழுவலாம்.

மேலில் பட்டால் சோடா பூசாதீர்கள். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அப்படியே கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கான் கவிழ்ந்து லீற்றர் கணக்கில் ஓடினாலோ, கண் எரிந்து தொண்டை கரகரத்தாலோ துடைக்க நிற்காதீர்கள். எல்லாரையும் வெளியேற்றி, 110க்குத் தீயணைப்புப் படையை அழையுங்கள். மூச்சுத் திணறினால் 1990 அம்புலன்ஸ்.