இன்வெர்ட்டர் பேட்டரி: எந்தத் தண்ணீர், எவ்வளவு ஆழம்?

தங்கச்சி, உன் வீட்டு இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான டியூபுலர் பேட்டரியின் தலையில் ஆறு மூடிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மிதவை. அதில் ஒன்று சிவப்புக் கோட்டுக்கு இறங்கிவிட்டால் பேட்டரி போய்விட்டது என்று பயப்படாதே. தண்ணீர் குறைவது அதன் இயல்பு. வருடம் ஒன்றாகியும் துளிகூடக் குறையவில்லை என்றால்தான் நான் கவலைப்படுவேன். அதற்குக் காரணம் சொல்கிறேன்.

உள்ளே இருப்பது தண்ணீர் கலந்த கந்தக அமிலம். கரண்ட் போய், பேட்டரியில் மின்விசிறி ஓடும்போது அமிலத்தின் ஒரு பகுதி ஈயத் தகடுகளோடு சேர்ந்து ஈய சல்பேட்டாகப் படிகிறது. கரண்ட் வந்து சார்ஜ் ஆகும்போது அந்த சல்பேட் பிரிந்து, அமிலம் பழையபடி திரும்பிவிடுகிறது. இதுவரை எதுவும் வெளியே போகவில்லை. சார்ஜ் நிறையப்போகும் கடைசி நேரத்தில்தான் கதை மாறுகிறது. தகட்டில் மாற்றுவதற்கு சல்பேட் அதிகம் மிச்சமிருக்காது. பேட்டரியின் வோல்டேஜ் 14.4 பக்கம் வந்திருக்கும். உள்ளே வரும் மின்சாரம் தண்ணீரையே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும். இரண்டும் மூடியின் துளை வழியாகக் காற்றில் போய்விடும். அமிலம் அங்கேயே இருக்கும். தொலைந்தது தண்ணீர் மட்டும் என்பதால், திரும்ப ஊற்ற வேண்டியதும் தண்ணீர் மட்டும்தான்.

அப்படி எழும் குமிழ்களுக்கு ஒரு வேலையும் உண்டு. அமிலம் தண்ணீரைவிடக் கனமானது. உயரமான டியூபுலர் பேட்டரியில் அது மெல்ல அடியில் போய்த் தங்கும். குமிழ்கள் மேலே வரும்போது அடியில் இருப்பதைக் கலக்கிவிடுகின்றன. தண்ணீரே குறையாத பேட்டரியில் குமிழ் எழவில்லை, அதாவது சார்ஜ் முழுதாக ஏறவில்லை என்று அர்த்தம். அப்படிப் பார்த்தால் முதலில் இன்வெர்ட்டரின் பின்பக்க ஸ்விட்சைப் பார். பல இன்வெர்ட்டர்களில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க டியூபுலர், எஸ்.எம்.எஃப். என்று இருக்கும். டியூபுலர் பேட்டரியை வைத்துக்கொண்டு எஸ்.எம்.எஃப்.-இல் விட்டிருந்தால் குறைந்த வோல்டேஜிலேயே சார்ஜ் நின்றுவிடும். பேட்டரி எப்போதும் அரைவயிறாகவே இருக்கும்.

இனி எந்தத் தண்ணீர் என்ற கேள்வி. கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் அல்லது பேட்டரி வாட்டர். வேறு எதுவும் வேண்டாம். போர் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் குளோரைடு இருக்கிறது, அது பாசிட்டிவ் தகட்டின் ஈயத்தை அரிக்கும். இரும்பு இருந்தால், பேட்டரி சும்மா நிற்கும்போதே சார்ஜ் தானாக வடியும். இந்த உப்புகள் ஒருமுறை உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. தண்ணீர் மட்டும் வாயுவாகப் போக, உப்பு ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே இருக்கும். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரிலும் உப்பு அப்படியேதான் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அது ஆவி குளிர்ந்த தண்ணீர்தான், ஆனால் காயிலின் உலோகத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருகிறது. பல ஆயிரம் ரூபாய் பேட்டரிக்கு ஒரு கேன் தண்ணீரில் சிக்கனம் பார்க்காதே.

எப்போது ஊற்றுவது என்பதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். சார்ஜ் முழுதாக ஏறிய பிறகு ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் திரவம் சூடாகி, குமிழ் கலந்து, மேலே எழும்பும். காலி பேட்டரியில் மேல் கோடு வரை நிரப்பிவிட்டுச் சார்ஜ் போட்டால் மூடி வழியாக வழியும். வழிவது தண்ணீர் இல்லை, அமிலம். போன அமிலம் போனதுதான். அடுத்த முறை நீ தண்ணீரை ஊற்றும்போது கலவை இன்னும் நீர்த்துப்போகும், பேட்டரியின் கொள்ளளவும் அந்த அளவுக்குக் குறையும். இதற்கு ஒரே விதிவிலக்கு, தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால். அப்போது தகடு மூழ்கும் வரை மட்டும் ஊற்றி, முழுதாகச் சார்ஜ் செய்து, பிறகு மேல் கோடு வரை நிரப்பு. வெளியே தெரிந்த தகட்டுப் பகுதி காய்ந்து கெட்டியாகியிருக்கும், அது பெரும்பாலும் திரும்பாது. அதனால் அந்த நிலைக்கு விடாதே. மாதம் ஒருமுறை மிதவையைப் பார், கோடையில் இரண்டு முறை.

ஊற்றும் நாளில் இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடு. பிளாஸ்டிக் புனல்தான், உலோகப் புனல் இரண்டு முனைகளையும் தொட்டால் தீப்பொறி பறக்கும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் என்பதால், பூஜை அறைப் பக்கத்தில் பேட்டரி இருந்தால் விளக்கை அணைத்த பிறகே மூடியைத் திற. கண்ணாடி போட்டுக்கொள். பருத்திச் சேலையில் ஒரு சொட்டு அமிலம் பட்டால், அடுத்த துவைப்பில் அந்த இடம் ஓட்டையாகிவிடும்.

சரி, ஆழத்துக்கு வருவோம். பேட்டரிக்காரர்கள் டெப்த் ஆஃப் டிஸ்சார்ஜ் என்பார்கள். முழு சார்ஜிலிருந்து எவ்வளவு எடுத்தோம் என்பதுதான் அது. பாதி எடுத்தால் 50 சதவீதம். ஆழமாக எடுக்க எடுக்கத் தகட்டில் சல்பேட் அதிகம் படிகிறது. சல்பேட் அதிக இடம் அடைக்கும் பொருள். அதனால் ஒவ்வொரு முறையும் பாசிட்டிவ் தகட்டின் பொடி உப்பிச் சுருங்குகிறது, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. டியூபுலரில் அந்தப் பொடியைத் துணிபோல நெய்த குழாய்க்குள் அடைத்திருப்பதே அது உதிராமல் இருக்கத்தான். அப்படியும் ஓரளவுதான் தாங்கும். நல்ல டியூபுலர் பேட்டரி 80 சதவீத ஆழத்தில் ஏறக்குறைய 1200 முதல் 1500 முறை வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. பாதியோடு நிறுத்தினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளை எடுத்துக்கொள். பராமரிப்புப் பணிக்காக காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்தடை. உன்னிடம் 150 ஏ.ஹெச். பேட்டரி. வழக்கம்போல இரண்டு பழைய மின்விசிறி, டிவி, இரண்டு டியூப்லைட், வைஃபை என்று ஓடினால் 280 வாட் பக்கம் வரும். இன்வெர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 340 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 28 ஆம்பியர். 5 மணி நேரத்துக்கு 140 ஏ.ஹெச். ஆகிறது, 150 இருக்கிறதே, போதும் என்று தோன்றும். போதாது. ஸ்டிக்கரில் போட்டிருக்கும் 150 என்பது, பொதுவாக 20 மணி நேரம் மெதுவாக, 7.5 ஆம்பியராக எடுத்தால் கிடைக்கும் அளவு. 28 ஆம்பியராக இழுத்தால் 110, 115தான் தரும். ஒரு மணிக்கெல்லாம் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கிவிடும். அந்த பீப் சத்தம் 'பாதி தீர்ந்தது' என்று சொல்வதில்லை. ஏறக்குறைய எல்லாமே தீர்ந்த பிறகுதான் அது வரும்.

அதே நாளில், இரண்டு பி.எல்.டி.சி. மின்விசிறி, ஒரு விளக்கு, வைஃபை மட்டும் என்றால் 90 வாட்தான். பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 10 ஆம்பியர். 5 மணி நேரமும் ஓட்டினால் 50 ஏ.ஹெச்., மூன்றில் ஒரு பங்கு. கரண்ட் வந்ததும் இரவுக்குள் பெரும்பகுதி ஏறிவிடும். முழுதும் வற்றவைத்த பேட்டரிக்கோ, எடுத்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகவே ஏற்ற வேண்டும். 12 ஆம்பியரில் ஏற்றினாலும் மறுநாள் காலை வரை இழுக்கும்.

மாதம் ஒரு நாள் இப்படி வற்றினால் வருடத்துக்கு 12 முறைதான். அதனால் மட்டும் பேட்டரி சாகாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆழத்தின் கணக்கு கழுத்தைப் பிடிப்பது தினமும் மின்தடை உள்ள வீடுகளிலும், சோலாரோடு தினமும் பேட்டரியை ஓட்டுகிறவர்களிடமும்தான். தினம் 80 சதவீதம் எடுத்தால் 1300 முறை என்பது மூன்றரை வருடம். உன்னைப் போலச் சென்னையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டியது, வற்றிய பேட்டரியை அப்படியே நாள்கணக்கில் விட்டுவைப்பதற்கு. புதிதாகப் படிந்த சல்பேட் மென்மையானது, சார்ஜ் செய்தால் பிரிந்துவிடும். விட்டுவைத்தால் பெரிய படிகமாக வளர்ந்து கெட்டியாகும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிரியாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததே, அப்படிப்பட்ட நேரத்தில் பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிடக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் முன்னதாகவே முழு சார்ஜோடும் சரியான தண்ணீரோடும் வைத்துக்கொள். ஒரு விளக்கும் போன் சார்ஜும் போதும் என்று முடிவு செய். முதல் பீப் வந்ததும் இன்வெர்ட்டரை முழுதாக அணைத்துவிடு. லோடு இல்லாவிட்டாலும் அது ஆன் நிலையில் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

பேட்டரியின் உண்மையான நிலை தெரிய ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள், விலை அதிகமில்லை. டியூபுலரில் முழு சார்ஜுக்கு 1240 பக்கம் காட்டும், பாதி தீர்ந்தால் 1180 பக்கம் இறங்கும். கார் பேட்டரிக்கான அட்டவணையில் 1280 என்று பார்த்துவிட்டுக் குழம்பாதே, அதற்கு அமிலம் அடர்த்தி அதிகம். தண்ணீர் ஊற்றிய உடனே அளக்காதே, புதுத் தண்ணீர் மேலேயே நிற்கும். ஒரு நாள் சார்ஜ் ஏறிக் கலந்த பிறகு அள.

ஆறு அறைகளும் ஒன்றாகவே குறைந்து காட்டினால் சார்ஜ் போதவில்லை. ஆறிலும் தண்ணீர் வாரக்கணக்கில் வற்றினால் இன்வெர்ட்டர் வோல்டேஜை அதிகமாகக் கொடுக்கிறது, மெக்கானிக்கைக் கூப்பிடு. ஐந்து அறைகள் 1230-க்கு மேல் காட்ட, ஒன்று மட்டும் 1150-இலேயே நின்றால், அந்த அறை பெரும்பாலும் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கும். அப்போது 'கொஞ்சம் ஆசிட் விட்டால் சரியாகிடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஆசிட் விட்டால் மீட்டரில் எண் ஏறும், தகடு மாறாது. வாரண்டி அட்டையை எடுத்துத் தேதி பார். காலம் முடிந்திருந்தால், புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, ஈயத்தின் விலையைக் கழித்துக்கொள்.