நின்ற கால், படுத்த கால்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள கால்களை முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன் நான். இந்த வருஷம் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் இவை.

1. படுக்க வைத்து எடுத்த பாதப் படத்தில் கோணம் அளக்காதீர்கள். எலும்பு முறிவு பார்க்க அந்தப் படம் போதும். பெருவிரல் சாய்வும் தட்டைப்பாதமும் உடம்பின் எடை இறங்கும்போதுதான் முழுசாக வெளியே தெரியும்.

காசிமேட்டில் மீன் கூடை சுமக்கும் ஓர் அம்மா வந்தார், வயது 48. பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்திருந்தது, உள்பக்கம் புடைப்பு. வேறோர் இடத்தில் படுக்க வைத்து எடுத்த படத்தைக் கையில் வைத்திருந்தார். அதில் முதல், இரண்டாம் மெட்டாடார்சல்களுக்கு இடையே 10 டிகிரி. 9 வரை இயல்பு என்பதால் ‘லேசானது’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். நிற்க வைத்து எடுத்தேன்: 14. அதே பாதம், அதே வாரம். 11க்கு மேல் போனால் நடுத்தரம் என்ற கணக்கு. எந்த அறுவை என்று டாக்டர் யோசிப்பதே மாறிவிடுகிறது.

2. நிற்க வைத்தால் மட்டும் போதாது. எடை இறங்கியதா என்று பாருங்கள். வலிக்கிற காலில் யாரும் மனசார ஊன்றமாட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்ற காலில் சாய்ந்துவிடுவார்கள். அந்த அம்மாவும் முதல் தடவை அப்படித்தான் செய்தார். பக்கவாட்டுப் படத்தில் குதிகாலின் சதை உருண்டையாகத் தெரிந்தது. எடை இறங்கியிருந்தால் அது பலகையோடு ஒட்டித் தட்டையாக இருக்கும். “ரெண்டு காலையும் சமமா ஊணும்மா, நேரா பாரு” என்று சொல்லி மறுபடி எடுத்தேன்.

3. பக்கவாட்டுப் படத்துக்கு மரப்பெட்டி வேண்டும். தரையில் நிற்க வைத்தால் குழாயை அவ்வளவு கீழே இறக்க முடியாது, கதிர் சரிந்து வரும், பாதத்தின் அடி ஓரமும் கேசட்டுக்குள் வராது. ஆளைப் பெட்டிமேல் ஏற்றி, கதிரைத் தரைக்கு இணையாக வையுங்கள். மேலிருந்து எடுக்கும் படத்துக்குக் குழாயைக் குதிகால் பக்கம் சுமார் 15 டிகிரி சாய்க்க வேண்டும். மெட்டாடார்சல்கள் தரையிலிருந்து சரிவாக எழும்புகின்றன, அதற்குத்தான் இந்தச் சாய்வு.

4. கோடு போடுவதில்தான் பலர் தடுமாறுவது. முதல் மெட்டாடார்சலின் தண்டில், மேலே ஓரிடமும் கீழே ஓரிடமும், குறுக்களவில் நடுப்புள்ளி குறியுங்கள். இரண்டையும் சேர்த்தால் அச்சு. புடைப்பின் ஓரத்தைத் தொட்டுக் கோடு போடக் கூடாது. பெருவிரலின் முதல் எலும்புக்கும் இதேபோல் அச்சு போட்டால், இரண்டுக்கும் இடையிலுள்ளது ஹாலக்ஸ் வால்கஸ் கோணம். 15க்குள் இயல்பு, அந்த அம்மாவுக்கு 32.

தண்டின் அச்சுக்குப் பதிலாக எலும்பின் தலை நடுவைச் சேர்த்துக் கோடு போடுகிறவர்களும் உண்டு. அதில் தப்பில்லை, ஆனால் அறுவைக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் அளக்க வேண்டும். செவ்ரான் அறுவையில் தலையை மட்டும் வெட்டி நகர்த்துகிறார்கள். தண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். தண்டு அச்சில் அளந்தால் ஒன்றுமே திருந்தாத மாதிரி இருக்கும், தலை அச்சில் நன்றாகத் திருந்தியிருக்கும். எந்த அச்சில் அளந்தோம் என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

5. தட்டைப்பாதத்துக்கு இரண்டு கோணம் எனக்குப் போதும். குதிகால் எலும்பின் அடியில், பின்னே தாழ்ந்த புள்ளியையும் முன்னே தாழ்ந்த புள்ளியையும் சேர்த்த கோடு தரையோடு எவ்வளவு எழும்புகிறது என்பது ஒன்று. 18, 20க்குக் கீழே போனால் வளைவு இறங்கியிருக்கிறது. டேலஸின் அச்சும் முதல் மெட்டாடார்சலின் அச்சும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வர வேண்டும் என்பது மற்றொன்று. இதை மியரி கோணம் என்பார்கள். 4 டிகிரிக்கு மேல் கீழ்ப்பக்கம் மடிந்தால் தட்டை. அந்த அம்மாவுக்கு முதல் கோணம் 12, மியரி 14. விரலை மட்டும் நேராக்கிப் பயனில்லை என்று டாக்டருக்கு அந்தப் படம் காட்டியது.

6. தட்டையாகத் தெரிவதெல்லாம் நோய் என்று எழுதிவிடாதீர்கள். செருப்புப் பழக்கத்தையும் தட்டைப்பாதத்தையும் சேர்த்துப் பார்த்து ராவ், ஜோசப் என்ற இருவர் 2300 இந்தியக் குழந்தைகளிடம் எடுத்த கணக்கு 1992-இல் வெளிவந்தது. செருப்புப் போட்டவர்களில் 8.6 சதம், போடாதவர்களில் 2.8 சதம். ஆனால் அவர்கள் பார்த்தது கால்தடம். எந்த மூட்டில் வளைவு உடைகிறது என்பதைக் கால்தடம் சொல்லாது. வலி இல்லாமல், மணலில் நடந்தே அகன்ற பாதங்களும் இங்கே நிறைய. அந்த மாதிரி ஆளுக்குக் கோணத்தை மட்டும் எழுதுங்கள், பெயர் சூட்ட வேண்டாம்.

7. காலையில் அளந்த படத்தைச் சாயங்காலம் முதல் எண்ணைப் பார்க்காமல் மறுபடி அளந்து பாருங்கள். எனக்கு இன்றும் இரண்டு மூன்று டிகிரி மாறுகிறது. ஆகவே 14 என்று எழுதிய இடத்தில் 14.3 என்று எழுதாதீர்கள்; திரையில் கணினி அப்படித்தான் காட்டும்.